தம்பி மனைவியின் புகாரில் என் பெயர்: கைது செய்வார்களா?

"என் தம்பியின் மனைவி மதுரை மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைப் புகார் கொடுத்திருக்கிறாள். திருமணமாகி எட்டு ஆண்டுகளாகக் கோவையில் இருக்கும் என் பெயரும் அதில் இருக்கிறது. என்னைக் கைது செய்வார்களா? முன்ஜாமீன் வாங்க வேண்டுமா?"

முதலில், முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா, அல்லது மனு ரசீது மட்டும் போட்டு விசாரிக்கிறார்களா என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். பதிவாகியிருந்தால் பிரிவு எண்களைப் பாருங்கள். கணவர் வீட்டாரின் கொடுமைக்கான பழைய 498ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவாக இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டுகள் வரை. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று சொல்லப்படுவதால் உடனே கைதாவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியல்ல.

ஏழு ஆண்டுகள் வரை தண்டனையுள்ள குற்றங்களில், புகார் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கைது செய்யக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாட்சியை மிரட்டுவார், தடயத்தை அழிப்பார், தலைமறைவாவார் என்பன போன்ற காரணங்களைப் போலீஸார் எழுதி வைக்க வேண்டும். மாஜிஸ்திரேட் அவற்றைச் சரிபார்த்த பிறகே காவலுக்கு அனுமதிக்க வேண்டும். கைது தேவையில்லை என்றால், ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வழக்கு தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் தர வேண்டும். இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 35(3)-வது பிரிவு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையான நோட்டீஸ் ஆகாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தப் பாதுகாப்பு உங்கள் நடத்தையோடு கட்டுண்டது. நோட்டீஸை வாங்க மறுத்தாலோ, குறித்த நாளில் போகாமல் இருந்தாலோ அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம். போக முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் அனுப்பி வேறு நாள் கேளுங்கள். தம்பி மனைவிக்கு போன் செய்து சமாதானம் பேசவும் வேண்டாம். அது மிரட்டலாகப் பதிவாகக்கூடும். 85 மட்டும் என்றால் முன்ஜாமீனுக்கு அவசரமில்லை. கொலை முயற்சி போன்ற கடும் பிரிவு சேர்ந்திருந்தால் உடனே மனுப் போடுங்கள்.

உங்களைப் போன்ற ஒருவரின் வழக்கு 2010-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. புகார் ராஞ்சியில், நாத்தனார் திருமணமாகிப் பல ஆண்டுகளாகக் குஜராத்தில் வசித்தார். சம்பவ இடத்துக்கே அவர் வந்ததில்லை என்பதால் அவர் மீதான வழக்கு ரத்தானது. உங்கள் வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வேலைப் பதிவு ஆகியவற்றைத் திரட்டுங்கள். குற்றச்சாட்டில் நாளோ செயலோ இல்லாமல் "குடும்பத்தார் அனைவரும்" என்று மட்டும் இருந்தால், ரத்து கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை நாடலாம். ஆனால் நகை கேட்டு நீங்கள் பேசியதோ அனுப்பிய செய்தியோ இருந்தால் தூரம் உங்களைக் காப்பாற்றாது.

சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்ற குரல் நீதிமன்றத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் 2017-ல், புகாரை முதலில் ஆராயும் குடும்ப நலக் குழு அறிக்கை தரும் வரை பொதுவாகக் கைது கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2018-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் குழுக்களை நீக்கியது; சட்டத்தில் இல்லாத அமைப்பு போலீஸ் விசாரணையில் குறுக்கிட முடியாது என்றது. அந்தத் திருத்தம் சரி என்றே நான் கருதுகிறேன். தண்டனையில் முடியும் வழக்குகள் குறைவு என்பதைக் காட்டிப் புகார்கள் பொய் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வழக்கு இழுத்த பிறகு சமரசமாகி, சாட்சி சொல்லாமல் விலகும் பெண்கள் ஏராளம். அப்படி முடிந்த வழக்கில் கொடுமை நடக்கவில்லை என்று எந்த நீதிமன்றமும் கண்டறிந்ததாகாது. உங்கள் தம்பி வீட்டில் என்ன நடந்தது என்பதும் உங்கள் பெயர் சேர்ந்தது சரியா என்பதும் தனித்தனிக் கேள்விகள். விசாரணையில் உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். கண்ணால் பார்க்காத தம்பி வீட்டு விவகாரத்துக்கு நற்சான்று கொடுக்காதீர்கள்.