வாடகை வீட்டுச் சுவருக்கு எந்தப் பெயின்ட்?

"வாடகை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறோம். உரிமையாளர் சம்மதித்துவிட்டார். மூன்று வயது மகள் சுவரெல்லாம் கிரேயானால் கிறுக்குகிறாள். அம்மாவுக்கு ஆஸ்துமா, பெயின்ட் வாடையே ஆகாது. பளபளப்பான பெயின்ட்தான் கழுவ வசதி என்கிறார் பெயின்டர். எதை வாங்குவது?"

கூடத்துக்கும் குழந்தை விளையாடும் அறைக்கும் தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷனில், சாட்டின் என்று விற்கப்படும் மெல்லிய மினுமினுப்பு உள்ளதை வாங்குங்கள். அம்மா படுக்கும் அறைக்கு மினுமினுப்பே இல்லாத, நல்ல தரமான மேட் போதும். முழுப் பளபளப்பு வேண்டாம்.

பெயின்டர் சொல்வதில் பாதி உண்மை. பளபளப்பு கூடக் கூட அழுக்கு ஒட்டுவது குறையும், துடைப்பதும் எளிது. ஆனால் வாடகை வீட்டுச் சுவர் பலமுறை ஆணி அடித்து, பட்டி பூசி அடைத்த சுவர். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்த ஒட்டுகள் ஒவ்வொன்றும் பளபளப்பில் எழுந்து நிற்கும். பிறகு ஓர் ஆணித் துளையை அடைத்து அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால், நிறம் ஒத்துப்போனாலும் மினுமினுப்பு ஒத்துப்போகாது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை சுவர் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டிவரும். காலி செய்யும் நாளில் முன்பணத்தில் கழிப்பதற்கு இப்படி ஒரு திட்டு போதும்.

டின்னில் பெரிதாக அச்சிட்டிருக்கும் "கழுவலாம்" என்ற சொல்லை நம்பாதீர்கள். ஈரத்தில் 200 முறை தேய்த்து, பூச்சு எவ்வளவு தேய்கிறது என்று அளக்கும் சோதனை உண்டு. 5 மைக்ரானுக்குக் குறைவாகத் தேய்ந்தால் அது முதல் வகுப்பு. இந்த வகுப்பை டின்னில் அச்சிட ஒரு வரி போதும். பல டின்களில் அந்த ஒரு வரியைக் காணோம், பூ படமும் குழந்தை படமும்தான் இருக்கின்றன. எத்தனை ஆண்டுகளாகக் கேட்டும் இது மாறவில்லை என்பதில் எனக்குக் கோபமே உண்டு. தயாரிப்பின் தொழில்நுட்பத் தாளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, அதில் வகுப்பைப் பாருங்கள்.

அம்மாவின் விஷயத்தில் ஏமாற்றம் நடப்பது பெரும்பாலும் பெயின்டில் அல்ல, அதற்கு அடியில். நீங்கள் வாடை குறைந்த எமல்ஷன் வாங்கித் தருவீர்கள். பெயின்டரோ தனக்குப் பழக்கமான எண்ணெய் பிரைமரை டர்பென்டைன் கலந்து அடித்துவிடுவார். நாள்கணக்கில் மூச்சை அடைக்கும் வாடை அதிலிருந்துதான் வரும். பிரைமரும் தண்ணீர் வகைதான் என்று முன்பே சொல்லி, டின்னை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். தின்னர் பாட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது. "வாடை இல்லாதது" என்றாலே மூச்சுக்கு நல்லது என்றும் ஆகாது, வாசனை சேர்த்து வாடையை மறைக்கவும் முடியும். காற்றில் கலக்கும் ரசாயனங்களின் அளவை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று தாளில் குறித்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உட்சுவர் மேட் எமல்ஷனுக்கு 30 கிராம் வரைதான் அனுமதி. அதற்கும் கீழே கிடைத்தால் எடுங்கள். அப்படியே ஆனாலும், அடித்த முதல் சில இரவுகள் அம்மா அந்த அறையில் படுக்க வேண்டாம். ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

இதெல்லாம் சுவரில் ஏற்கெனவே எமல்ஷன் இருந்தால். இன்றே ஒரு சோதனை செய்யுங்கள்: உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அது சுவரைப் பிடிக்காது, அந்த மாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மகளின் கிறுக்கலை ஈரத்துணியால் துடைத்தால் பெயின்ட் தோலாக உரிந்து துணியோடு வரும். கழுவக்கூடிய பெயின்ட் வாங்கி ஏமாந்தோம் என்று என்னிடம் வந்தவர்களில் பலருடைய வீட்டில் இதுதான் காரணம். மாவு ஒட்டினால், ஈரத் துணியால் துடைத்தும் சுரண்டியும் அதை எடுக்க வேண்டும். காய்ந்தபின் மறுபடி தேய்த்துப் பாருங்கள். கை சுத்தமாக வந்த பிறகுதான் பிரைமர். "மேலேயே அடித்துவிடலாம்" என்று அவசரப்படுத்துபவர் காலி செய்யும் நாளில் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

அளவையும் நீங்களே கணக்கிடுங்கள், ஏனென்றால் சில கடைகளில் பெயின்டருக்கு டின்னுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் சுவர்கள் 42 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 5 கழித்தால் 37. இரண்டு பூச்சுக்கு 74. ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்தால் ஏழரை லிட்டர், எட்டு வாங்கினால் தாராளம். பன்னிரண்டு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

அடித்து முடித்ததும் ஒரு மாதம்வரை சுவரை ஈரத்தால் தேய்க்காதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் பூச்சு உள்ளே முழுதாக இறுகியிருக்காது. அதன்பின் மென்மையான ஸ்பாஞ்சில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெதுவாகத் துடையுங்கள். மேட் சுவரை அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுக்கும். மிஞ்சிய பெயின்டைக் காற்றுப் புகாத சிறு பாட்டிலில் ஊற்றி, நிறக் குறியீட்டை மேலே எழுதி வையுங்கள். ஆணித் துளைகளை அடைக்கும்போது அது தேவைப்படும்.