தட்டைப் பாதத்துக்கு 4,000 ரூபாய் சோல் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 38. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை. சின்ன வயதிலிருந்தே தட்டைப் பாதம். ஒரு வருடமாக, சாயங்காலம் ஆனால் இரண்டு உள்ளங்காலும் உள்பக்கமாக வலிக்கிறது. செருப்புக்குள் வைக்கும் ஜெல் சோல் 400 ரூபாய்க்கு வாங்கியும் பலன் இல்லை. அளவெடுத்துச் செய்ய 4,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? கடைக்குள் நாங்கள் செருப்பு போடுவதில்லை.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள், அம்மா. உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சோல் வாசலில் செருப்போடு கிடக்க, நீங்கள் நாள் முழுக்க டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்கிறீர்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் அது எப்படி வேலை செய்யும்?

முதலில் ஒரு சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்புங்கள்; வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்வளைவு தோன்றி, குதிகால் உள்பக்கம் திரும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். பெரும்பாலானவர்களுக்கு இதுதான். அடுத்து ஒற்றைக் காலில் எழும்புங்கள். முடியவில்லை என்றாலோ, உள் கணுக்காலுக்குப் பின்னால் வலித்தாலோ, வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் நைந்திருக்கலாம். அப்போது நேரில் காட்ட வேண்டும்.

சோல் புதிதாக வளைவை உண்டாக்காது. பாதம் உள்பக்கம் சரிவதைத் தாங்கி, அந்தத் தசைநாரின் இழுப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். ஜெல் அதையும் செய்யாது; குதிகாலுக்கு மெத்தென்று இருக்குமே தவிர, எடை ஏறியதும் அமுங்கிவிடும். கட்டைவிரலால் அழுத்தினாலும் வளைவு மேடு தட்டையாகாத ரெடிமேட் சோல் போதும். ஆய்வுகளிலும் அளவெடுத்ததற்கும் ரெடிமேடுக்கும் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் போடுங்கள், பிறகு மெல்லக் கூட்டுங்கள். கல் குத்துவது போலிருந்தால் மேடு அதிகம், மாற்றுங்கள். ஆறு வாரம் பார்த்தும் வலி குறையாவிட்டால் மேலே யோசிக்கலாம்.

ஹவாய் செருப்பில் இந்த சோல் நிற்காது. பின்பக்கம் வார் உள்ள, துணி பிழிவது போல் முறுக்கினாலும் திருகிக்கொள்ளாத, விரல் பகுதியில் மட்டும் வளையும் செருப்பு வேண்டும். அதில் ஒரு ஜோடியைக் கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள முதலாளியிடம் கேளுங்கள். ஸ்டூலும் கேளுங்கள், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தாயிற்று.

அப்புறம் கெண்டைக்கால். அது இறுகியிருந்தால் பாதம் இன்னும் சரியும். சுவரில் கை ஊன்றி, பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பாமல் 30 விநாடி இழுத்து நில்லுங்கள். காலுக்கு மூன்று முறை, தினமும். இரண்டு காலாலும் நுனிக்காலில் எழும்புவதை 10 தடவையில் தொடங்குங்கள். இதற்குப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையானாலோ, உள் கணுக்கால் வீங்கினாலோ காத்திருக்காமல் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்திருந்தால், கெட்டியான சோல் புண்ணாக்குவதுகூடத் தெரியாது. ஆகவே சோல் வாங்கும் முன் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள்.