விளக்கு, பூ, நைவேத்தியம்: கண்ணுக்கு அமைதியாக ஒரு குளோசப் எடுக்க

கேள்வி: பூஜைத் தட்டையும் விளக்கையும் கிட்டத்தில் வைத்து போனில் வீடியோ எடுக்கிறேன். சுடர் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது, பூ கறுத்துப் போகிறது. டியூப் லைட் போட்டால் விளக்கு எரிகிற மாதிரியே இல்லை. என்ன லைட் வாங்கலாம்?

பதில்: லைட் எதுவும் வாங்க வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு ஜன்னலில் மிச்சமிருக்கும் வெளிச்சம் போதும். பகலில் அது விளக்கை அமுக்கிவிடும், ராத்திரியில் சுடரைத் தவிர எதுவும் தெரியாது. நடுவில் சுடரும் ஜன்னலும் ஏறக்குறைய ஒரே பலத்தில் நிற்கும் நேரம் கொஞ்சம் உண்டு. நம் பக்கம் சூரியன் மறைந்தால் சீக்கிரமே இருட்டிவிடும், பத்துப் பதினைந்து நிமிடம்தான் கையில் இருக்கும். அதனால் தட்டு, பூ, போன் ஸ்டாண்டு எல்லாவற்றையும் முன்னாலேயே தயாராக வைத்துவிடுங்கள்.

திருநகரில் எங்கள் வீட்டில் ஓர் ஆடி வெள்ளிக்கு எடுத்ததைச் சொல்கிறேன். ஆடியில் மதுரையில் ஆறே முக்காலை ஒட்டிப் பொழுது மறையும். ஃபேன், டியூப் லைட் இரண்டையும் அணைத்து, ஜன்னல் கண்ணாடியைச் சாத்தி, மேலே ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டேன். ஜன்னல் தட்டுக்கு இடது பக்கம். பின்னால் ஒரு கை நீளம் தள்ளி, கரும்பச்சைப் பட்டுப்புடவை ஒன்று. அங்கே கண்ணாடி போட்ட சாமி படம் இருந்தால் எடுத்துவிடுங்கள், சுடர் அதில் இரண்டாவதாக எரியும்.

குத்துவிளக்கை விட அகல்தான் எனக்குப் பிடிக்கும். துலக்கின பித்தளையில் ஜன்னல், போன், உங்கள் வெள்ளைச் சட்டை எல்லாம் தெரியும். குத்துவிளக்குதான் வேண்டுமென்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அகலில் நல்லெண்ணெய் ஊற்றி, திரியின் நுனி ஒரு நெல்லளவு மட்டும் வெளியே நீட்டியிருக்கட்டும். அதற்கு மேல் இழுத்தால் சுடர் உயர்ந்து புகையும், ஆட்டமும் கூடும். ஏற்றி ஐந்து நிமிடம் நிதானமாக எரியவிட்டு அப்புறம் எடுங்கள்.

பூ கறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அது இருக்கும் இடம்தான். விளக்குக்கு முன்னால் பூவை வைத்தால் சுடர் படுவது பூவின் முதுகில், போன் பார்ப்பது அதன் நிழல் பக்கத்தை. விளக்குக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி வையுங்கள். தூரமும் முக்கியம். சுடரிலிருந்து அரைச் சாணில் இருக்கும் பூவுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் ஒரு சாண் தள்ளி இருக்கும் பூவுக்கு. நான் ஒரு முழம் மல்லியை விளக்குக்கு இடப்பக்கம், அரைச் சாணில் வளைத்து வைத்தேன். அதன் வலப்பக்கம் மஞ்சளாகவும் ஜன்னல் பக்கம் லேசான நீலமாகவும் வந்தது. அந்த இரண்டு நிறத்தில்தான் பூ உருண்டு தெரிகிறது. போனில் புரோ மோடு இருந்தால் வெள்ளைச் சமநிலையை 4000K பக்கம் நிறுத்துங்கள். தானாக விட்டால் அது மஞ்சளைக் கழுவிவிடப் பார்க்கும்.

இனி சுடர். திரி நுனியைத் தொட்டு, ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்திப் பிடியுங்கள் (ஐபோனில் AE/AF LOCK என்று வரும்). அப்புறம் வெளிச்சத்தைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். சுடரின் ஓரம் மஞ்சளாகி, அடியில் உள்ள நீலம் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பூட்டாமல் விட்டால் சுடர் ஆடும்போதெல்லாம் படம் முழுக்க மங்கி மங்கித் தெளியும். அமைதி கெடுவது பாதி அதனால்தான்.

போனைத் தட்டுக்குள் நுழைக்காதீர்கள். ரொம்பக் கிட்டே போனால் பல போன்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறிவிடும், அகல் வீங்கித் தெரியும். இரண்டடி தள்ளி, 2x வைத்து, சுடரின் உயரத்துக்கே இறக்குங்கள். மேலிருந்து பார்த்தால் தட்டு கடைப் பரப்பு மாதிரி ஆகிவிடும். நான் வைத்தது விளக்கு, பூ, ஒரு தேங்காய் மூடி, இரண்டு வாழைப்பழம். விளக்கு வலது மூன்றில் ஒரு பங்கில், இடப்பக்கம் முழுக்கப் புடவையின் இருட்டு. வெற்றிலையும் வைத்துப் பார்த்தேன், அதன் பளபளப்பு கண்ணை இழுத்தது, எடுத்துவிட்டேன். சர்க்கரைப் பொங்கல் வைப்பதானால் நெய் மினுங்கும்படி ஜன்னலுக்கும் உங்களுக்கும் நடுவில் வையுங்கள்.

மல்லியை மொட்டாகவே வாங்குங்கள். "விளக்கு வைக்கிறப்ப விரிஞ்சிரும் தம்பி" என்று எங்கள் பூக்கார அக்கா சொல்வது சரிதான். வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பதானால் தட்டில் வைப்பதற்கு முன்பே தெளித்து உதறிவிடுங்கள். ஒரு துளி திரியில் பட்டாலும் சுடர் படபடவென்று பொரியும், அடங்கும் வரை எடுக்க முடியாது.