மெஷின் ஓடுகிறது, ஆக்சிஜன் வருகிறதா?

நுரையீரல் அடைப்பு நோய் உள்ள அப்பாவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91 இருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் வாடகை கான்சன்ட்ரேட்டரில் 85-க்கு மேல் ஏறவில்லை. குமிழைத் திருப்பி 4 வைக்கலாமா? (திருச்சி வாசகி)

நீங்களாகக் கூட்டாதீர்கள் அம்மா. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பார்கள். ஆக்சிஜன் கூடினால் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கம் வரலாம். முதலில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சிலிண்டர் கைவசம் இருந்தால் அதே 2 லிட்டரில் மாட்டுங்கள். அப்பா தடுமாறிப் பேசினாலோ, உதடு நீலமானாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

அப்புறம் மெஷினைப் பார்க்கலாம். மூக்கில் வைக்கும் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். குமிழி வரவில்லையென்றால் குழாய் எங்கோ மடங்கியிருக்கும், இல்லாவிட்டால் ஈரப்பத பாட்டிலின் மூடி கோணலாக ஏறியிருக்கும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அந்த மூடிதான்.

குமிழி நன்றாக வந்தும் அளவு ஏறவில்லையென்றால் தூய்மையைச் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகள்தான் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கின்றன. ஈரம் ஏறினால் அவை கெட்டுவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்த மெஷின் ஒன்றை நான் பழையதாக வாங்கினேன். சத்தம், காற்று எல்லாம் சரி. தூய்மையை அளக்கும் அனலைசரை மாட்டினால் 2 லிட்டரிலேயே 70 சதவீதம்தான் காட்டியது. 90-க்கு மேல் இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் தூய்மை சென்சார் இல்லாததால் அலாரமும் அடிக்காது. ஆகவே கொண்டுவருபவரிடம் கேளுங்கள்: கால் மணி நேரம் ஓடவிட்டு, டாக்டர் சொன்ன லிட்டரில் அனலைசர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த மெஷின் வேண்டாம்.

கரண்ட் போனால்? பில் எவ்வளவு வரும்?

5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மாதத்தில் 500 யூனிட். தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடும், அதையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மின்வெட்டுக்கு பி-டைப் சிலிண்டர் ஒன்று போதும். அதில் சுமார் 1500 லிட்டர் இருக்கும், 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் தாங்கும். ரெகுலேட்டரும் ஸ்பேனரும் சேர்த்தே வாங்கி, ஒருமுறை பகலில் மாட்டிப் பழகுங்கள். சாமி விளக்கும் ஊதுபத்தியும் வேறு அறையில் இருக்கட்டும்.

சக்கர நாற்காலி குளியலறைக் கதவில் நுழையவில்லை.

18 அங்குல இருக்கை என்றால் வெளிப்பக்கம் 25 அங்குலம் வரை வரும். நம் வீட்டுக் குளியலறைக் கதவுகள் பல அதைவிடக் குறுகல். கதவுச் சட்டத்துக்கு நடுவே அளந்து சொன்னால், சின்னச் சக்கரமுள்ள கமோடு நாற்காலியாக மாற்றித் தருவார்கள்.

வாக்கரில் அம்மா கூன் போட்டு நடக்கிறார்.

உயரம் குறைவு. செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரும்வரை, நான்கு கால்களிலும் பொத்தானை அழுத்தி ஒரே துளையில் மாட்டுங்கள்.