"ஓகே" என்று பதில் வந்தால் போதுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, ஹட்டனில் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் நாலு வருடமாக வேலை செய்கிறேன். மார்ச் 24, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டி பிராந்தியக் காரியாலயத்தில் எனக்கு வருடாந்த அப்ரைசல் மீட்டிங். முதல் நாள் இரவு தோட்டத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. 1990 அம்பியூலன்ஸில் டிக்கோயாவுக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து விடியற்காலையில் கண்டிக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பதே காலுக்கு மேனேஜருக்கு, "சேர், அப்பாவுக்குச் சுகமில்லை, இன்றைக்கு வர முடியாது, வேறொரு நாள் வைக்கலாமா" என்று வட்ஸ்அப்பில் போட்டேன். "ஓகே" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஏப்ரல் கடைசியில் "சராசரி" என்று கடிதம் வந்துவிட்டது. படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். கடைசிக் காலாண்டில் என் வசூல் குறைவுதான். அதற்குப் பயந்து ஒளிந்துகொண்டேன் என்று நினைத்திருப்பாரோ? அன்றைக்கு எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? இனி என்ன செய்வது?
— ஹட்டன் வாசகி

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த "ஓகே"யைப் பார்ப்போம். உங்கள் மெசேஜில் இரண்டு விஷயங்கள் இருந்தன. இன்றைக்கு வர முடியாது என்பது ஒன்று, வேறொரு நாள் வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அவர் "ஓகே" சொன்னது முதலாவதற்கு. இரண்டாவதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை. நீங்கள் நாள் எதையும் சொல்லாததால் பதில் சொல்ல அவருக்கு ஒன்றும் இருக்கவும் இல்லை. புதுத் திகதி இல்லாமல் தள்ளிவைக்கப்படும் மீட்டிங் பெரும்பாலும் நடப்பதில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. அடுத்த நாள் வேறு நாலு பேருடைய படிவம் மேசைக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

லீவையும் மீட்டிங்கையும் ஏன் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இரண்டும் ஒரே மாதிரியான கேட்பு அல்ல. உங்களைப் போன்ற காரியாலய ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு ஏழு நாள் கசுவல் லீவு உண்டு. சொந்தக் காரியம், சுகவீனம், நியாயமான வேறு காரணம் எல்லாம் அதற்குள் அடங்கும். முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்று சேரும். நீங்கள் நாலு வருடம் ஆனவர். ஆகவே கையில் நாள் மிச்சம் இருந்தால், லீவைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதத் தேவையில்லை, "கசுவல் லீவு எடுக்கிறேன்" என்று நேராகச் சொல்லலாம். அப்ரைசல் மீட்டிங்கைத் தள்ளிவைப்பது அப்படியல்ல. அது முழுக்க மேனேஜர் மனது வைத்துச் செய்ய வேண்டியது. ஆகவே அவருக்குச் சுலபமாக இருக்கும்படி கேட்க வேண்டும்.

சுலபமாக என்றால் என்ன? அவருடைய இடத்தில் இருந்து பாருங்கள். உங்கள் மேனேஜரும் ஹட்டனில் இருந்துதான் கண்டிக்குப் போக வேண்டும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அந்த வழியில் பத்து மணிக்குப் போய்ச்சேர, ஏழு மணிக்காவது புறப்பட்டிருப்பார். ஒன்பதே காலுக்கு உங்கள் மெசேஜ் வந்தபோது அவர் பேராதெனியையைத் தாண்டியிருக்கலாம். உங்களுக்காகவே போன பயணமென்றால் எரிச்சல் வரத்தான் செய்யும், அப்பாவுக்குச் சுகமில்லை என்று தெரிந்தும்கூட. டிக்கோயாவில் டிரான்ஸ்பருக்குக் காத்திருந்த நேரத்திலேயே இரண்டு வரி போட்டிருக்கலாம். நடுச்சாமத்தில் மேலதிகாரிக்கு எப்படி என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். போன் எடுத்தால்தான் தூக்கம் கெடும். மெசேஜ் பேசாமல் கிடக்கும், விடிய எழும்பும்போது கண்ணில் படும். ஆறரைக்கு ஒரு அழைப்பும் எடுத்திருந்தால் விஷயம் முடிந்தது. வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், அழைப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுத்தில் ஒன்று இருக்கட்டும். பிறகு காட்டவும் அதுதான் உதவும்.

அந்த எழுத்து இப்படி இருந்திருக்கலாம். நீங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அனுப்புவீர்களாக இருக்கும், உள்ளடக்கம் இதுதான்:

"சேர், நேற்றிரவு அப்பாவுக்குப் பக்கவாதம். கண்டி வைத்தியசாலையில் இருக்கிறோம், கூட நான் மட்டும்தான். இன்று பத்து மணி மீட்டிங்குக்கு வர இயலாது. இன்றும் நாளையும் கசுவல் லீவு எடுக்கிறேன். மீட்டிங்கை வெள்ளி 27 அல்லது திங்கள் 30க்கு மாற்றித் தர முடியுமா? வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு அழைத்து, எந்த நாள் என்று உறுதிப்படுத்துகிறேன். படிவங்கள் தலைமைக் காரியாலயத்துக்குப் போகும் கடைசித் திகதி எது என்று சொன்னால், எப்படியும் அதற்குள் என் பகுதியை எழுதி அனுப்பிவிடுவேன்."

"அப்பாவுக்குச் சுகமில்லை" என்பது காய்ச்சலாகவும் இருக்கலாம், தடிமனாகவும் இருக்கலாம். வருத்தத்தின் பெயரை ஒரு சொல்லில் சொன்னால் சந்தேகத்துக்கு இடமில்லை. அதற்குமேல் விவரம் வேண்டாம். மூக்கில் டியூப் போட்ட அப்பாவைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது அப்பாவுக்கும் மரியாதையில்லை, பார்க்கிறவருக்கும் சங்கடம். அத்தாட்சி கேட்டால் வீட்டுக்கு விடும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதியைப் பிறகு கொடுக்கலாம்.

பக்கவாதத்தில் முதல் இரண்டு மூன்று நாளில் டொக்டரே உறுதியாக ஒன்றும் சொல்லமாட்டார், நீங்கள் எப்படித் திகதி சொல்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் இரண்டு நாளைச் சொல்லிவிட்டு, உறுதிப்படுத்தும் நேரத்தைத் தனியாகக் குறித்தேன். வியாழக்கிழமையும் அப்பாவுக்கு முடியாமல் இருந்தால் நாலு மணிக்கு அழைத்து அதைச் சொல்லலாம், திகதி இன்னொரு தரம் தள்ளிப்போகும். கோட்டைவிடக் கூடாதது அந்த நாலு மணி அழைப்பைத்தான். "எப்போது வேண்டுமானாலும் வருகிறேன் சேர்" என்பது பணிவாகத் தோன்றும், ஆனால் நாள் தேடும் வேலையை அவர் தலையில் கட்டிவிடும்.

கடைசித் திகதியைக் கேட்கச் சொன்னதற்குத்தான் இதில் கனம் அதிகம். நமது கம்பனிகள் பலவற்றில் மார்ச் 31ஓடு கணக்கு வருடம் முடிகிறது. அதையொட்டித்தான் இன்கிரிமென்ட் பட்டியலும் தயாராகும். ஏப்ரல் 13, 14இல் புதுவருடம், அதற்கு முன்னும் பின்னும் காரியாலயங்கள் பாதி காலி. ஆகவே மார்ச் கடைசி வாரத்தில் தவறிய மீட்டிங்குக்காகப் பட்டியல் காத்திருக்காது. மீட்டிங் நடக்காவிட்டாலும் மேனேஜர் ஏதாவது ஒரு புள்ளியைப் போட்டே ஆக வேண்டும். அப்போது அவர் முன்னால் இருப்பது வசூல் அறிக்கை மட்டும்தான். உங்கள் தரப்பு எழுத்தில் போயிருந்தால் அதுவும் கூடவே இருந்திருக்கும்.

இன்னொன்று. கண்டி ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னதும், "பக்கத்தில்தானே, அரை மணித்தியாலம் வந்துவிட்டுப் போங்களேன்" என்று பிராந்திய மேனேஜர் கேட்டிருக்கவும் கூடும். நல்ல மனதோடுதான் கேட்பார். அப்படிக் கேட்டிருந்தாலும் போக வேண்டாம் என்பேன். இரவெல்லாம் கண் மூடாமல், வார்ட்டில் இருந்து எந்நேரம் அழைப்பு வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டு ஒரு வருட வேலையைப் பற்றிப் பேச முடியாது. நீட்டிய படிவத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள். "டொக்டரைப் பார்க்க எந்நேரம் கூப்பிடுவார்கள் என்று தெரியாது சேர், வெள்ளிக்கிழமை முழு நேரமும் ஒதுக்கி வருகிறேன்" என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

ஒளிந்துகொண்டதாக நினைத்திருப்பாரோ என்ற பயத்துக்கு வருகிறேன். நினைத்திருக்கலாம். நிலுவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு, வசூல் குறைந்தவர் மீட்டிங் அன்று வராவிட்டால் அந்த எண்ணம் ஒரு தரமாவது வந்து போகும். "நான் சாட்டுச் சொல்லவில்லை சேர்" என்று சத்தியம் செய்வதால் அது போகாது. குறைந்த வசூலை நீங்களே முதலில் எடுத்துப் பேசினால்தான் போகும். எந்தப் பகுதியில் எத்தனை கணக்கு நிலுவை, அதில் எத்தனை பேர் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள், எத்தனை பேர் ஏப்ரலில் கட்டினார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒளிகிறவர் அதை எழுதமாட்டார்.

இப்போது செய்ய வேண்டியதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. படிவத்தை முழுக்க வாசியுங்கள். "கலந்துரையாடப்பட்டது" என்றோ, மீட்டிங் நடந்த திகதி என்றோ ஒரு இடம் இருந்தால், அதை நிரப்பிவிட்டு வெறுமனே கையெழுத்து வைக்க வேண்டாம். கையெழுத்தே போடமாட்டேன் என்று நிற்கவும் வேண்டாம், அது வீண் முறுகல். ஊழியர் கருத்து என்ற பகுதியில், "மார்ச் 24 மீட்டிங் அப்பாவின் சுகவீனத்தால் நடைபெறவில்லை. மாற்றுத் திகதி கேட்டிருந்தேன். கலந்துரையாடல் இன்னும் நடக்கவில்லை. படிவம் கிடைத்ததற்கு மட்டும் கையெழுத்திடுகிறேன்" என்று எழுதி, திகதியும் போட்டுக் கையெழுத்திடுங்கள். கொடுக்கும் முன் ஒரு போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் கிளை மேனேஜரிடமே போங்கள். அவரைத் தாண்டி மனிதவளப் பிரிவுக்கு முதலில் எழுதினால், அவர் மறந்த ஒரு விஷயம் அவர்மேல் முறைப்பாடாகிவிடும். புள்ளியை மாற்றச் சொல்லி ஆரம்பிக்கவும் வேண்டாம். "சேர், அன்றைக்கு நீங்கள் ஓகே சொன்னதற்கு நன்றி. புது நாளைக் கேட்டு நான் திரும்ப அழைக்கவில்லை. இப்போது அரை மணித்தியாலம் ஒதுக்கித் தர முடியுமா? இந்தக் குறிப்பையும் என் பைலில் சேர்க்க வேண்டும்" என்று அந்த ஒரு பக்கத்தைக் கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் நாள் கிடைக்காவிட்டால், அதையே மின்னஞ்சலில் அவருக்கு அனுப்பி, மனிதவளப் பிரிவுக்கும் பிரதி போடலாம். அப்போது அது முறையான நினைவூட்டல்தான்.

"சராசரி" மாறுமா? வசூல் நிஜமாகவே குறைந்திருந்தால், மீட்டிங் ஒழுங்காக நடந்திருந்தாலும் அதே புள்ளி வந்திருக்கலாம். பட்டியல் தலைமைக் காரியாலயத்தைத் தாண்டிவிட்டால் இந்த வருட இன்கிரிமென்ட்டில் கைவைப்பதும் கஷ்டம். ஆகவே அந்த அரை மணித்தியாலத்தில், அரையாண்டு மதிப்பீடு உங்கள் கம்பனியில் உண்டா, உண்டென்றால் ஏப்ரலுக்குப் பின் வந்த வசூல் அதில் சேருமா என்று கேளுங்கள். பேச்சு முடியும்போது அப்பாவின் கிளினிக், பிசியோதெரபி நாட்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த மீட்டிங்கை அந்த நாட்களில் போடாமல் இருப்பார்.