கம்பெனி பெயரே இல்லாத வேலைக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

*கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆறு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கோவையில் உள்ள ஒரு கன்சல்டன்சி, 'முன்னணி ஏற்றுமதி நிறுவனத்துக்கு சீனியர் மெர்ச்சண்டைசர் தேவை' என்று விளம்பரம் போட்டிருக்கிறது. கிட்ஸ்வேர், ஐரோப்பிய பையர், சொந்த டையிங் யூனிட், ஆர்கானிக் ஆர்டர் அனுபவம் என்று போட்டிருக்கிறார்கள், கம்பெனி பெயர் மட்டும் இல்லை. போனில் கேட்டால் 'அது அப்புறம் சொல்றோங்க' என்கிறார்கள். எனக்கு எந்தக் கம்பெனி என்று ஓரளவு யூகம் உண்டு. யாருக்கென்றே தெரியாமல் கடிதத்தில் என்ன எழுதுவது? யூகித்த பெயரைப் போட்டுவிடலாமா?*
*— வாசகி, பெருமாநல்லூர்*

பெயரைப் போடாதீர்கள். யூகம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் போடாதீர்கள்.

கன்சல்டன்சிக்குக் காசு வருவது, அவர்கள் அனுப்பிய ஆள் அந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான். பரவலாக வாங்கப்படும் கட்டணம் ஒரு மாதச் சம்பளம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம். ஆளுக்கும் கம்பெனிக்கும் ஏற்றபடி இது கூடும் குறையும். விளம்பரத்தில் கம்பெனி பெயர் இருந்தால் பாதிப் பேர் நேராக அங்கேயே போய் நிற்பார்கள், இன்னொரு கன்சல்டன்சியும் அந்த எச்.ஆருக்குப் போன் போட்டு 'நாங்களும் ஆள் தர்றோங்க' என்பார்கள். பெயரை மறைப்பது இதற்காகத்தான், பெரும்பாலும் அதில் சூது ஒன்றும் இல்லை. இப்போது நீங்கள் கடிதத்தில் பெயரை எழுதி அது சரியாக இருந்தால், 'இவங்க நம்மைத் தாண்டி நேரா போயிடுவாங்க' என்று கன்சல்டன்சிக்காரர் உஷாராகிவிடுவார். தப்பாக இருந்தால் நீங்கள் வேறு ஏதோ கம்பெனிக்கு ஆசைப்படுகிறவர் என்று ஆகிவிடும்.

சரி, யாருக்கு எழுதுவது? உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவர் கன்சல்டன்சியில் இருக்கும் ரெக்ரூட்டர். கம்பெனிக்காரர் உங்கள் கடிதத்தைப் பார்க்காமலே போகவும் நிறைய வாய்ப்பு உண்டு. ரெக்ரூட்டர் உங்கள் ரெஸ்யூமில் இருக்கும் போன் நம்பரையும் மெயிலையும் எடுத்துவிட்டு, தங்கள் லெட்டர்ஹெட்டில் போட்டு, மேலே தன் சார்பில் நாலு வரி எழுதி, இன்னும் இரண்டு மூன்று பேருடைய ரெஸ்யூமோடு சேர்த்து அனுப்புவார். அந்த நாலு வரியை அவர் எங்கிருந்து எடுப்பார்? உங்கள் கடிதத்தில் எடுக்கிற மாதிரி இருந்தால் அதிலிருந்து எடுப்பார், இல்லாவிட்டால் அவருக்குப் புரிந்த மட்டும் எழுதுவார். அவர் காலையில் ஒரு ஃபவுண்டரிக்கு ஃபிட்டரும் மத்தியானம் ஒரு ஆஸ்பத்திரிக்கு அக்கவுண்டன்ட்டும் தேடிக்கொண்டிருப்பவர். லேப் டிப் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அவர் அப்படியே வெட்டி ஒட்டக்கூடிய ஒரு பத்தியை நீங்களே எழுதித் தர வேண்டும். மற்றக் கடிதத்துக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான்.

அதனால் வழக்கமாக எழுதுகிற 'தங்கள் நிறுவனத்தின் நற்பெயரும் வளர்ச்சியும் என்னைக் கவர்ந்தன' என்ற பத்தியை மொத்தமாக எடுத்துவிடுங்கள். பெயர் தெரியாத கம்பெனியின் நற்பெயரைப் புகழ்ந்தால், எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புகிறவர் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்த இடத்தில் விளம்பரம் தரும் தடயங்களுக்குப் பதில் எழுதுங்கள். உங்களிடம் நாலு தடயம் இருக்கிறது, நாலும் நல்ல தடயம்.

சொந்த டையிங் என்றால் கலர் பிரச்சினை வரும்போது ஜாப் ஒர்க் டையிங்கைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாத இடம் அது. டையிங் மாஸ்டரோடு உட்கார்ந்து லேப் டிப்பை ஓகே வாங்குகிற ஆளைத் தேடுகிறார்கள். கிட்ஸ்வேரும் ஐரோப்பாவும் சேர்ந்தால் பாதுகாப்பு விதிகள் வரும். ஸ்னாப் பட்டன் இழுவை டெஸ்ட், குழந்தை உடுப்பில் கயிறு, நாடா எங்கே எவ்வளவு நீளம் வரலாம் என்கிற EN 14682 தரவிதி, இதெல்லாம் நீங்கள் கையாண்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். ஆர்கானிக் ஆர்டர் என்றால் பெரும்பாலும் ஜி.ஓ.டி.எஸ். சான்றிதழ்தான், கூடவே சரக்கோடு போக வேண்டிய டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட் வேலையும் வரும். பல மெர்ச்சண்டைசர்கள் அதை டாகுமென்டேஷன் ஆட்களிடம் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடவில்லை என்றால் அது தனியாகத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்து இப்படி ஒரு பத்தி வரும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் விஷயம் இதுவே. நீங்கள் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்:

"திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஆறு வருட மெர்ச்சண்டைசிங் அனுபவம். தற்போது ஐரோப்பிய பையர் ஒருவரின் குழந்தைகள் ஆடை ஆர்டர்கள் முழுப் பொறுப்பு: காஸ்டிங், லேப் டிப் ஒப்புதல், பி.பி. சாம்பிள், ஷிப்மென்ட் வரையிலான டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணை. டையிங் பிரிவோடு நேரடியாக வேலை செய்து ஷேடு பிரச்சினைகளைத் தீர்த்த அனுபவம். ஜி.ஓ.டி.எஸ். ஆர்டர்களுக்கு டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட் ஆவணங்களைத் தயாரித்த அனுபவம்."

இதில் 'நான்' என்ற சொல் எங்குமே இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான். ரெக்ரூட்டர் ஒரு எழுத்துகூட மாற்றாமல் தன் மெயிலில் ஒட்டிக்கொள்ளலாம். பையர் பெயரையும் போடவில்லை. திருப்பூரில் பையர் பெயரைச் சொன்னால் கம்பெனியையே சொன்ன மாதிரி, அதோடு இப்போதைய முதலாளியின் வியாபார விஷயத்தை வெளியே பேசுகிறவர் என்ற பெயரும் சேர்ந்து வரும்.

இந்தப் பத்திக்கு மேலே ரெக்ரூட்டர் பெயர், விளம்பரத்தில் வேலை எண் இருந்தால் அது, வேலையின் பெயர், அவ்வளவு போதும். கடிதத்தைத் தனி ஃபைலாக இணைக்காமல் மெயிலிலேயே எழுதுங்கள், இணைப்பைத் திறக்கிற பொறுமை அங்கே இருக்காது. பத்திக்குக் கீழே, நேரடியாகக் கம்பெனிக்கு எழுதினால் நீங்கள் எழுதவே மாட்டாத மூன்று விஷயத்தை எழுதுங்கள்: இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட். ரெக்ரூட்டர் கம்பெனிக்கு அனுப்பும் பட்டியலில் பெரும்பாலும் இதற்கெல்லாம் கட்டம் இருக்கும். காலியாக இருந்தால் உங்களுக்குப் போன் போட வேண்டும், நீங்கள் ஃபுளோரில் இருப்பீர்கள், எடுக்க மாட்டீர்கள், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். எதிர்பார்க்கும் சம்பளத்தை ஒரே எண்ணாக இல்லாமல் இதிலிருந்து இதுவரை என்று சொல்லுங்கள், கீழ் எண் நீங்கள் உண்மையாகவே சேரச் சம்மதிக்கிற எண்ணாக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு பத்தி, இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். "என் ரெஸ்யூமை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பும் முன் நிறுவனத்தின் பெயரை எனக்குத் தெரிவித்து என் சம்மதம் பெற்று அனுப்பவும்" என்று எழுதுங்கள். இது உங்களை இரண்டு சிக்கலிலிருந்து காப்பாற்றும்.

ஒன்று, இரட்டை ரெஸ்யூமே. ஒரே வேலையை இரண்டு மூன்று கன்சல்டன்சிகளிடம் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. கோவைக்காரர் ஒரு பக்கம், ஈரோட்டுக்காரர் ஒரு பக்கம் உங்கள் ரெஸ்யூமை ஒரே எச்.ஆருக்கு அனுப்பினால், யாருக்குக் கட்டணம் என்ற தகராறு வரும். பல எச்.ஆர்கள் அந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆளைத் தள்ளிவிட்டு அடுத்த ரெஸ்யூமை எடுப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே நேராக விண்ணப்பித்த கம்பெனி என்றாலும் இதே கதைதான். உங்கள் யூகக் கம்பெனிக்கு நேரில் போவதும் கன்சல்டன்சியில் கொடுப்பதும் இரண்டில் ஒன்றுதான், இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கன்சல்டன்சி உங்களை ஒருமுறை அறிமுகம் செய்துவிட்டால், பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ நீங்கள் எந்த வழியில் சேர்ந்தாலும் கட்டணம் அவர்களுக்கே என்று ஒப்பந்தம் இருக்கும், பிறகு நேராகப் போய் ஒன்றும் மிச்சமாகாது.

இன்னொன்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது அம்மிணி. அந்த 'முன்னணி ஏற்றுமதி நிறுவனம்' உங்கள் கம்பெனியாகவே இருக்கலாம், அல்லது உங்கள் முதலாளியின் அண்ணனோ மைத்துனனோ நடத்தும் சிஸ்டர் கன்சர்னாக இருக்கலாம். திருப்பூரில் இது ஒன்றும் அபூர்வம் இல்லை. இருப்பவருக்குத் தெரியாமல் அவர் இடத்துக்கு ஆள் தேடுவதற்கும் பெயர் மறைத்த விளம்பரம்தான் வசதி. எனவே முதல் மெயிலில் இப்போதைய கம்பெனி பெயரை எடுத்துவிட்டு 'திருப்பூரில் உள்ள பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம்' என்று மட்டும் ரெஸ்யூமில் போட்டு அனுப்புங்கள். ஆள் தேடும் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் முழு ரெஸ்யூம் தருகிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சில ரெக்ரூட்டர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அப்படியானால் போனில் ஃபேக்டரி எந்தப் பக்கம், அவினாசி ரோடா, பல்லடம் ரோடா, பெருந்துறைப் பக்கமா, எத்தனை மெஷின் என்று கேளுங்கள். பெயர் சொல்லாதவரும் இதைச் சொல்லிவிடுவார், உங்கள் கம்பெனியா இல்லையா என்பது உங்களுக்கு அதிலேயே பிடிபட்டுவிடும்.

அதே போனில் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: சம்பளம் கம்பெனி பேரோலிலா, கன்சல்டன்சி பேரோலிலா? இரண்டாவது என்றால் உங்கள் முதலாளி சட்டப்படி கன்சல்டன்சிதான், பி.எஃப். கட்டுவதும் அவர்களே. சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு அப்படி இருந்தால் ஏன் என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று உங்களிடம் காசு கேட்டால் அத்தோடு போனை வைத்துவிடுங்கள், அவர்களுக்குக் காசு வர வேண்டியது கம்பெனியிடமிருந்து. வேலை உறுதியாகும் முன்னே ஆதார், பான் நகலும் தர வேண்டியதில்லை.

பெயர் தெரிந்ததும் வேலை முடியவில்லை. கம்பெனியைப் பற்றிய பத்தியை இப்போதுதான் எழுத வேண்டும். அவர்கள் இணையதளத்தில் எந்தெந்த பையர், என்ன சான்றிதழ், என்ன பொருள் என்று பார்த்து, உங்கள் அனுபவம் எங்கே ஒட்டுகிறது என்று இரண்டே வரி எழுதி, "ரெஸ்யூமோடு இதையும் சேர்த்து அனுப்பவும்" என்று ரெக்ரூட்டருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். மறுநாள் என்றால் ரெஸ்யூம் போயிருக்கும். இன்டர்வியூ தேதி குறித்த பிறகும் பெயர் சொல்லவில்லை, 'நேர்ல வாங்க, சொல்றோம்' என்றால் போகாதீர்கள். ஒரு கம்பெனி வாசலுக்கு ஆளை அனுப்பும் நிலைக்கு வந்த பிறகு பெயரை மறைக்க ஒழுங்கான கன்சல்டன்சிக்குக் காரணமே கிடையாது.