பட்ஜெட்டில் 220 வெள்ளி எங்கே போனது? திருத்தப் பதிவேடு பற்றிய கேள்வி பதில்

ஈசூன் சங்கப் பொருளாளர்: தமிழ்மொழி விழா பட்ஜெட்டை ஆறு பேர் கூகல் ஷீட்டில் திருத்துகிறோம். வெர்ஷன் ஹிஸ்டரியே எல்லாவற்றையும் பதிகிறதே, தனிப் பதிவேடு எதற்கு அக்கா?

யார், எப்போது, எதைத் தட்டினார் என்பது அதில் இருக்கும். ஏன் மாற்றினார், யார் சம்மதித்தார் என்பது இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ஃபார்முலாவில் இருக்கிறது. வருவோர் எண்ணிக்கை ஒரு செல்லில் 250 என்று வைத்திருக்கிறீர்கள், ஒருவர் அதை 280 ஆக்குகிறார். ஆளுக்கு 9 வெள்ளி உணவில் 270, ஆளுக்கு 3 வெள்ளி நினைவுப் பரிசில் 90, ஆக 360 வெள்ளி ஏறிவிட்டது. உணவுச் செல்லில் வலது சொடுக்கி Show edit history பார்த்தால் இந்த மாற்றம் அங்கே இராது, ஏனென்றால் அந்தச் செல்லை யாரும் தொடவில்லை. பதிவேட்டில் மட்டும்தான் "எண்ணிக்கை 250லிருந்து 280, மொத்த விளைவு +360" என்று ஒரே வரியில் எழுத முடியும்.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்: பதிவேடு வைத்திருக்கிறோம். "B14 மாற்றப்பட்டது" என்று எழுதுகிறோம். போதுமா?

போதாது. மேலே ஒரு வரிசை நுழைந்தால் நாளைக்கு B14 வேறொரு செலவு. ஒவ்வொரு செலவுக்கும் நகராத ஓர் எண் கொடுங்கள், உணவுக்கு F03 என்பது போல. பதிவேட்டில் தேதி, அந்த எண், பழைய தொகை, புதிய தொகை, வித்தியாசம், காரணம், ஒப்புக்கொண்டவர் என்று ஏழு பத்திகள் போதும்.

அப்புறம், குழு முதலில் ஏற்ற பட்ஜெட்டை Base என்ற தாளில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி (Ctrl+Shift+V) பூட்டிவிடுங்கள். ஃபார்முலாவோடு ஒட்டினால் அதுவும் சேர்ந்து நகர்ந்து தொலைக்கும்.

இனி எங்கள் கதை. Base மொத்தம் 18,400. பதிவேட்டில் நான்கு வரிகள்: உணவு +650, மண்டபம் −300, ஒலி அமைப்பு +400, பேருந்து புதிதாக +220. கூட்டினால் 19,370 வர வேண்டும். ஷீட் 19,150 என்றது. பட்ஜெட் தாளின் ஓரத்தில் நான் வைத்திருந்த செல் இதுதான், இதில் Log என்பது பதிவேட்டுத் தாள், அதன் E பத்தியில் வித்தியாசம், B23 இப்போதைய மொத்தம்:

```
=B23-(Base!B22+SUM(Log!E2:E500))
```

பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் −220. பேருந்துத் தொகையேதான்! பேருந்தைச் சேர்த்தவர் மொத்தத்துக்கு நேர் மேலே வரிசை 22ஐ நுழைத்திருந்தார். ஃபார்முலாவோ `SUM(B4:B21)` என்றே நின்றுவிட்டது. யார் மேலும் தப்பில்லை. கடைசிச் செலவுக்குக் கீழே ஒரு காலி வரிசையை விட்டு, அதையும் கூட்டலுக்குள் சேர்த்து, புதியவற்றை அதற்கு மேலே நுழைக்கச் சொன்னேன். பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டினால் இந்தச் செல் பூஜ்யமே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

தெம்பனிஸ், கணினித் துறை: கையால் எதற்கு? onEdit ஸ்கிரிப்ட் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் தானாக எழுதிவிடுமே.

பாதி சரி. ஒற்றைச் செல்லைத் தட்டினால் பழைய மதிப்பு `e.oldValue` என்று கிடைக்கும். பத்து செல்களை ஒரேயடியாக ஒட்டினால் கிடைக்காது, நம் குழுக்களில் மேற்கோள் விலைகளை அப்படித்தான் ஒட்டுகிறார்கள். ஃபார்முலாவால் மாறிய தொகைக்கு அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. உதவிக்கு வையுங்கள், காரணத்தை மனிதர்தான் எழுத வேண்டும்.

உட்லண்ட்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒருவர் மண்டப வாடகையை அழித்துவிட்டார். செவ்வாய்க்கிழமைப் பதிப்பை Restore செய்தேன். இப்போது எல்லோரும் என்மேல் கோபம்!

இருக்காதா பின்னே, சார். அது முழு ஷீட்டையும் செவ்வாய்க்குக் கொண்டுபோய்விடும், புதன் வியாழன் உழைப்பெல்லாம் திரையிலிருந்து போய்விடும். ஆனால் ஹிஸ்டரியில் அவை இன்னும் இருக்கின்றன. வியாழன் இரவுப் பதிப்பைத் திறந்து அதை Restore செய்யுங்கள், பிறகு வாடகையை மட்டும் கையால் போடுங்கள். அடுத்த முறை பழைய பதிப்பின் மூன்று புள்ளி மெனுவில் Make a copy எடுத்து, வேண்டிய ஓர் எண்ணை மட்டும் கொண்டுவாருங்கள்.

புங்கோல்: எனக்கு வெர்ஷன் ஹிஸ்டரியே தெரிவதில்லை. என் லேப்டாப் பழசு, அதனாலா?

லேப்டாப் பாவம். உங்களுக்குப் பார்க்கும் அல்லது கருத்திடும் அனுமதி மட்டும் தந்திருப்பார்கள். திருத்தும் அனுமதி உள்ளவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஈசூன் பொருளாளர், மறுபடி: ஒப்புதல் வாங்கிவிட்டுத் திருத்துவதா, திருத்திவிட்டு வாங்குவதா?

டாக்ஸில் இருப்பதுபோல் "பரிந்துரை" முறை ஷீட்டில் இல்லை, அதுதான் தலைவலி. நான் தொகைப் பத்தியைப் பூட்டி, மற்றவர்களைக் கருத்தாக எழுதச் சொல்லி, நானே ஏற்றுகிறேன். எங்கள் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. நான் ஊருக்குப் போனால் வேலை நின்றுவிடுகிறது என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், சென்ற டிசம்பரில் அப்படித்தான் நின்றது.